மைப்பெட்டியைத் தள்ளியது யார்

கேள்வி: 2012இல் மதுரையிலிருந்து சென்னைக்கு ராத்திரி ரயிலில் வந்தேன். கைக்குழந்தைக்குக் காய்ச்சல். எதிர் சீட்டில் இருந்த ஒரு அம்மா, முன்பின் தெரியாதவர், விடிய விடியக் குழந்தையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் தூங்கிவிட்டேன். இத்தனை வருஷம் ஆகியும் அது மனதை விட்டுப் போகவில்லை. எழுத உட்கார்ந்தால் பத்து வரியில் தீர்ந்துபோய், "மனிதம் இன்னும் சாகவில்லை" என்று வந்து நிற்கிறது. இதை எப்படி எழுதுவது? இது மட்டும் ஏன் இப்படி நிற்கிறது?

பதில்:

நீங்கள் எழுதியதில் ஒரு வரி இருக்கிறது: "நான் தூங்கிவிட்டேன்." போகிற போக்கில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். எனக்கென்னவோ உங்கள் கட்டுரை முழுவதும் அந்த வரிக்குள்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஏன் என்று சொல்ல, நான் எழுதித் தோற்ற ஒரு கட்டுரையைச் சொல்ல வேண்டும்.

இருபது வருஷமாக அடுத்தவர்கள் எழுதும் அனுபவக் கட்டுரைகளைத் திருத்துவதுதான் என் வேலை. முன்பின் தெரியாதவர் செய்த உதவி பற்றிய கட்டுரை மாதம் ஒன்றாவது வரும். பெரும்பாலானவை ஒரே அச்சில் இருக்கும். எழுதுகிறவர் கையறு நிலையில் நிற்பார், எங்கிருந்தோ ஒருவர் வருவார், உதவுவார், பெயர் சொல்லாமல் போய்விடுவார். கடைசிப் பத்தியில் கடவுளோ மனிதமோ வந்துவிடும். இதையெல்லாம் அடுத்தவர்களிடம் கறாராகச் சொல்லித் திருப்பி அனுப்பியவன், என் முறை வந்தபோது நானும் அதையேதான் எழுதினேன்.

சம்பவம் இது. 1994, புதுக்கோட்டைப் பக்கம். நான் ஒன்பதாம் வகுப்பு. அம்மா கல்குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அம்மாவோடு வங்கிக்குப் போனேன். என் முதல் வரைவு கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"கூட்டம் நெரிந்தது. கையில் பித்தளை டோக்கனை இறுக்கிப் பிடித்தபடி நின்றோம். எங்கள் முறை வந்ததும் கவுன்டரில் இருந்த அலுவலர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கைநாட்டு வைக்கும் மைப்பெட்டியை எங்கள் பக்கம் அலட்சியமாகத் தள்ளினார். அப்போது பின்னாலிருந்து ஒரு பெரியவரின் குரல் கேட்டது: 'ஏன் சார், படிக்காதவங்கன்னா இளக்காரமா? அவங்க கையெழுத்துப் போடுவாங்க. எவ்வளவு நேரமானாலும் நாங்க காத்திருக்கோம்!' அம்மாவின் கண்கள் கலங்கின."

படிக்க நன்றாகத்தான் இருந்தது. நண்பர் ஒருவர் கண்கலங்கியதாகக்கூடச் சொன்னார். ஆனால் அச்சுக்கு அனுப்புமுன் அம்மாவிடம் வாசித்துக் காட்டியபோது எல்லாம் கலைந்தது. அம்மா பாதியிலேயே நிறுத்தினாள்.

"டோக்கனா? அன்னிக்கு எங்கடா பணம் எடுத்தோம்? கணக்கு ஆரம்பிக்கல்ல போனோம்."

யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. அந்தக் காலத்தில் பணம் எடுக்கச் சீட்டைக் கொடுத்தால்தான் பித்தளை டோக்கன் கையில் வரும். கணக்குத் தொடங்க வந்தவருக்கு டோக்கன் எதற்கு? வேறு ஏதோ ஒரு நாள் என் உள்ளங்கையில் வியர்த்துக் கிடந்த டோக்கனை இந்த நாளுக்குள் நானே கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அப்போதெல்லாம் புதுக் கணக்குத் தொடங்க ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். எங்களுக்காக எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தாராம். அந்த மனிதர் என் ஞாபகத்தில் சுத்தமாக இல்லை. அவரும் அன்று ஒரு உதவி செய்தவர்தான், பாவம். கதைக்கு ஒரு உத்தமர் போதும் என்று மனசே அவரைக் கழற்றிவிட்டிருக்கிறது.

அப்புறம் அம்மா சொன்னதுதான் பெரிசு. சாதாரணமாக, காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அந்த சார் எங்கடா மைப்பெட்டியத் தள்ளுனாரு? நீதான எடுத்து எம்பக்கம் வச்ச. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுன்னு."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. அவள் சொன்ன மாத்திரத்தில் அந்தத் தகரப் பெட்டியின் மூடி விரலில் இடித்தது போல இருந்தது. அதையும் நான் முழுக்க நம்பவில்லை. அவள் சொன்னதால் புதிதாக முளைத்த ஞாபகமாகவும் இருக்கலாம்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த கோளாறு இல்லை. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையிலேயே உல்ரிக் நைஸர் என்ற உளவியலாளர், அந்தச் செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று தன் பல்கலைக்கழக மாணவர்களை எழுதித் தரச் சொன்னார். இரண்டரை வருஷம் கழித்து அவரும் நிக்கோல் ஹார்ஷும் அவர்களில் 44 பேரிடம் அதையே திரும்பக் கேட்டார்கள். எல்லா விவரமும் சரியாகச் சொன்னவர்கள் 3 பேர். ஏறக்குறைய கால்வாசிப் பேர் முக்கியமான விவரங்கள் அனைத்தையும் தப்பாகச் சொன்னார்கள், அதுவும் நல்ல உறுதியோடு. யாரோ வந்து சொல்லிக் கேள்விப்பட்ட பலர், டிவியில் பார்த்துத்தான் முதலில் தெரிந்துகொண்டதாகச் சொன்னார்கள். பிறகு திரும்பத் திரும்ப டிவியில் பார்த்தது முதல் கணத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. தங்கள் கையெழுத்திலேயே இருந்த பழைய தாளைக் காட்டியும் சிலருக்கு அந்தப் பழைய ஞாபகம் திரும்பவில்லை.

என் டோக்கனும் அப்படி வந்து உட்கார்ந்ததுதான். ஆனால் மைப்பெட்டி வேறு ரகம் என்று நினைக்கிறேன். அது எனக்குச் சாதகமான பக்கமாகப் பார்த்து நகர்ந்திருக்கிறது. என் கை செய்ததை, முகம்கூட நினைவில்லாத ஒரு அலுவலரின் கைக்கு மாற்றிவிட்டேன். அவரை இத்தனை வருஷம் மனதுக்குள் திட்டியும் இருக்கிறேன்.

எனவே எழுதுமுன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்: அங்கே உங்களோடு இருந்த ஒருவரிடம் கேளுங்கள். கேட்கும்போது உங்கள் கதையைச் சொல்லிவிட்டு "சரிதானே?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். அதைவிட மோசம், உங்கள் ஞாபகம் அவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். "அன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். நான் வாசித்துக் காட்டியதே தப்பு. அம்மா கறாரான ஆள், அதனால் தப்பித்தேன். கூட யாருமே இல்லை என்றால், அந்த நாளின் நடைமுறையைத் தட்டிப் பாருங்கள். டோக்கன் எப்போது தருவார்கள், ரயில் எந்த ஊரில் எத்தனை மணிக்கு நிற்கும், அந்த மாதம் இரவில் குளிருமா என்று. பொய் ஞாபகம் இந்த மாதிரி அற்ப விஷயத்தில்தான் மாட்டும்.

சரி, பெரியவர் என்ன செய்தார்? அம்மாவுக்கு அவர் பேசிய வசனம் எதுவும் நினைவில்லை. "பொறு தம்பி" என்று ஏதோ சொன்னாராம், அவ்வளவுதான். இளக்காரம், காத்திருப்பு எல்லாம் நான் எழுதியது. நாங்கள் பார்த்து வளர்ந்த சினிமாக்கள் எழுதியது என்றும் சொல்லலாம். அம்மாவுக்கு நினைவிருந்தது வேறு. கவுன்டர் வழவழப்பான கல். அதன்மேல் ஒற்றை அட்டையை வைத்து பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் வழுக்கும், மை சரியாகப் பிடிக்காது. அடியில் நாலு தாள் மெத்தென்று இருந்தால்தான் அழுந்தி எழுதும். ஜல்லிச் சுத்தியல் பிடித்து விரல் மடங்காமல் போன அம்மா, முதல் எழுத்திலேயே வழுக்கி நின்றாள். பின்னால் நின்ற பெரியவர் தன் பாஸ்புக்கை விரித்து அந்த அட்டைக்கு அடியில் செருகினார். தன் பேனாவையும் கொடுத்தார். அப்புறம் திரும்பி நின்றுகொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாராம்.

அம்மா இதைச் சொல்லும்போது பாஸ்புக்கை விட அந்தக் காலண்டரைத்தான் அழுத்திச் சொன்னாள். "எழுதுறத ஆளு பாத்தா கை வராதுல்ல. அவரு பாக்கல."

இதை நான் கற்பனையில் எழுதியிருக்கவே முடியாது. உதவி எழுத்தில் உயிர் பெறுவது இந்த அளவில்தான்: கை என்ன செய்தது, கண் எங்கே போனது. முதல் வரைவில் இருந்த பெரியவர் வாயால் உதவினார். நிஜத்துப் பெரியவர் ஒரு வழுக்கலைக் கவனித்தார். யாரோ ஒருவர் நமக்குச் செய்த நல்லதை எழுதும்போது, அவர் எதைக் கவனித்தார் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். "நல்ல மனம்", "தாயுள்ளம்" போன்ற சொற்களைப் போட்டுவிட்டால் இந்தக் கேள்வி வராமலே போய்விடும். அவை தப்பான சொற்கள் இல்லை, ஆனால் தேடுவதை நிறுத்திவிடும்.

பின்னணி எவ்வளவு வைப்பது என்பதில் நானும் தடுமாறினேன். புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள், ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். அதை எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. இரண்டாம் வரைவில் அதற்கே மூன்று பத்தி போனது, பெரியவர் காணாமல் போனார். கடைசியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். குவாரியிலிருந்து வந்து, சோறாக்கி வைத்துவிட்டு, அம்மா ராத்திரி அறிவொளி வகுப்புக்குப் போவாள். அவள் பெயரில் நாலு எழுத்து, அதில் ஒன்று "ஞ்". மற்ற மூன்றும் சீக்கிரம் வந்துவிட்டன. இந்த ஞகரத்தின் சுழி மட்டும் சிலேட்டில் பல வாரம் கோணலாகவே வந்தது. வாசகருக்கு இது தெரிந்திருந்தால் போதும், கவுன்டரில் பேனா நிற்கிற இடத்தில் அவரும் நிற்பார். பின்னணி என்பது அந்தக் கணத்தின் எடையைக் காட்டும் அளவுக்கு இருந்தால் சரி. அதற்கு மேல் போவது வேறு கட்டுரை.

இனி, ஏன் நிற்கிறது என்ற உங்கள் கேள்வி. உதவி பெரிதாக இருந்ததால் நிற்கிறது என்று சொல்ல முடியவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ரத்தம் கொடுத்த இளைஞர்கள் இருவர் உண்டு. அது எவ்வளவு பெரிய உதவி! அவர்கள் முகம் எனக்கு வருவதில்லை. பாஸ்புக் செருகியவர் வருகிறார். இத்தனைக்கும் அவர் உதவியது எனக்கு அல்ல.

விடை தெரிய, அந்த ஞாபகம் இடையில் எப்போதெல்லாம் வந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இதை உங்களுக்கும் சிபாரிசு செய்வேன். சம்பவத்தைப் பற்றி யோசிப்பதைவிட, அது திரும்பி வந்த நாட்களைப் பற்றி யோசிப்பதில் அதிகம் கிடைக்கும். எனக்கு நாலைந்து நாட்கள் தேறின. அவற்றில் ஒன்று 2006இல், ஒரு பத்திரப் பதிவு. சின்னதாக ஒரு மனை, அம்மா பெயரில். கையெழுத்து மடமடவென்று போட்டாள், "ஞ்" உட்பட. உடனே உதவியாளர் மைப்பெட்டியைக் காட்டினார். அம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "நான் கையெழுத்துப் போடுவேன் சார், போட்டுட்டேனே." பத்திரப் பதிவில் படித்தவரும் படிக்காதவரும் எல்லோரும் கைரேகை வைத்தாக வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. நான்தான் விளக்கினேன். விளக்கும்போது அவள் என்னைப் பார்த்த பார்வை சரியாக இல்லை. அன்று ராத்திரி முழுக்கப் பெரியவர் ஞாபகம்தான். அப்போது ஏன் என்று புரியவில்லை. மைப்பெட்டியை யார் தள்ளியது என்று அம்மா சொன்ன பிறகுதான் அந்த ராத்திரிக்கு அர்த்தம் வந்தது.

இன்னொன்றும் அதன் பிறகுதான் உறைத்தது. அன்று அம்மா எழுதிக்கொண்டிருந்தது மாதிரிக் கையெழுத்து அட்டை. அதில் எது பதிகிறதோ, அதுதான் பிறகு அந்தக் கணக்கில் அவளுடைய அடையாளம். கைநாட்டு வைத்திருந்தால், மாற்றி எழுதிக் கொடுக்கிற வரை ஒவ்வொரு முறை பணம் எடுக்கவும் கைநாட்டுதான். பள்ளிக்கு நேரமாகிறது என்று, அறிவொளி வகுப்பில் அவள் கற்றதை அரை நிமிடத்தில் அழிக்கப் பார்த்திருக்கிறேன். பெரியவர் அதிகம் பேசாமல் அதைத் தடுத்துவிட்டார். என்னையும் அவமானப்படுத்தவில்லை. திட்டியிருந்தால் நான் அவரை அன்றே வெறுத்து, அன்றே மறந்திருப்பேன்.

ஆக, என் விஷயத்தில் நின்றது நன்றி மட்டும் இல்லை. நான் செய்ய வேண்டியதை வேறொருவர் செய்தார், நான் பக்கத்திலேயே நின்றேன். நன்றியோடு சேர்ந்து கொஞ்சம் வெட்கமும் இருந்தது. வெட்கத்தை மறைத்து நன்றியை மட்டும் எழுதியதால்தான் முதல் வரைவு அவ்வளவு வழவழப்பாக வந்தது. எல்லாருடைய ஞாபகமும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். சிலருக்கு அது வெறும் சந்தோஷமாகவே இருக்கும், அதை நோண்டி வெட்கம் தேடக் கூடாது. ஆனால் பத்து வரியில் கட்டுரை தீர்ந்துபோகிறது என்று ஒருவர் சொன்னால், அவர் தன் பங்கை எழுதாமல் விட்டிருக்கிறார் என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன்.

மூன்றாம் வரைவில் மைப்பெட்டியை என் கைக்கே மாற்றினேன். அலுவலர் வெறுமனே உட்கார்ந்திருந்தார். மளிகைக்கடைக்காரர் உள்ளே வந்தார். பெரியவர் பேசுவது ஒரே சொல்லாகக் குறைந்தது. கடைசிப் பத்தியில் இருந்த மனிதநேயத்தை எடுத்துவிட்டேன். நீளம் பாதியாகிவிட்டது. கண்கலங்கிய நண்பர் இந்த முறை கலங்கவில்லை. "உங்கம்மா இதுக்கு என்ன சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார். அம்மா கேட்டது வேறு: "அந்தப் பேனாவ அவருகிட்ட திருப்பிக் குடுத்தமா?" எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. அதையும் கட்டுரையில் அப்படியே வைத்துவிட்டேன்.

சரி, உங்கள் ரயிலுக்கு வருவோம். தூங்கியதைக் குற்றமாக எழுதச் சொல்லவில்லை. காய்ச்சல்காரக் குழந்தையோடு எத்தனை ராத்திரி விழித்திருந்தீர்களோ! ஆனால் அதிலிருந்து தொடங்குங்கள். குழந்தையை அந்த அம்மா கேட்டு வாங்கினாரா, நீங்கள் கொடுத்தீர்களா? முன்பின் தெரியாதவர் மடியில் பிள்ளையை விட்டுவிட்டுக் கண்ணை மூடும் முன் எதையாவது பார்த்துத் தைரியம் கொண்டிருப்பீர்களே, அவர் வளையலையோ, பையையோ, பிள்ளையைத் தூக்கிய விதத்தையோ. நீங்கள் தூங்கிவிட்டதால் "விடிய விடிய" என்பது உங்களுக்கு நேரடியாகத் தெரியாது. அதை யார் சொன்னார்கள்? எந்த ஸ்டேஷனில் விழித்தீர்கள், அப்போது குழந்தையின் நெற்றி சுட்டதா? காலையில் வீட்டுக்குப் போய், ராத்திரி நடந்ததை யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள். அப்போது நீங்கள் தூங்கியதையும் சேர்த்துச் சொன்னீர்களா?